அந்தப் பூஜ்யம் எங்கிருந்து வந்தது?

கரூரில் அக்கா வீட்டு மாடியில் 3 கிலோவாட் சோலார் இருக்கிறது. வெயில் நாளில் சுமார் 12 யூனிட் தரும். அக்கா மகன் எழுதிய ஒரு சின்ன புரோகிராம், அன்றன்றைய உற்பத்தியை இரவில் அவள் போனுக்கு அனுப்பிவிடும். சித்திரை வெயில் கொளுத்திக்கொண்டிருந்தபோது அடுத்தடுத்து இரண்டு நாள் '0 யூனிட்' என்று வந்தது. பேனல் போய்விட்டது என்றே அக்கா முடிவு கட்டிவிட்டாள்.

நான் முதலில் பார்த்தது இன்வெர்ட்டரின் திரையை. அதில் E-Total என்று ஒரு எண் உண்டு. மாட்டிய நாளிலிருந்து இதுவரை உற்பத்தியான மொத்த யூனிட் அது. இன்டர்நெட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது உள்ளே ஏறிக்கொண்டே இருக்கும். கடைசியாக வந்த பதிவில் 4812.6, தொடர்பு திரும்பியதும் வந்த முதல் பதிவில் 4836.9. வித்தியாசம் 24.3 யூனிட். பேனல் இரண்டு நாளும் உழைத்திருக்கிறது. வைஃபை பாஸ்வேர்டை மாற்றியதால் தகவல்தான் வெளியே போகவில்லை.

வராத தகவல் எப்படிப் பூஜ்யமானது? புரோகிராமைத் திறந்தேன். பைத்தானின் pandas 2017 டிசம்பரில் வந்த 0.22 பதிப்பிலிருந்து, ஒரு பதிவுகூட இல்லாத நாளின் கூட்டுத்தொகையை 0 என்றே தருகிறது. கணக்குப்படி அது சரி. ஆனால் இங்கே அது பொய். திருத்தம் ஒரு சொல்தான்:

```python
df["kwh"].resample("D").sum(min_count=1)
```

இப்போது அந்த நாள் NaN என்று வெறுமையாக நிற்கும். பாதி நாள் தகவல் போனால் இது கண்டுபிடிக்காது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு பதிவு என்றால் மணிக்கு 12 வர வேண்டும்; எத்தனை வந்தது என்பதையும் கூடவே காட்டச் சொன்னேன்.

உண்மையான பூஜ்யமும் உண்டு. கரண்ட் போனால், லைனில் வேலை செய்பவர்களின் பாதுகாப்புக்காக, மின்வாரிய லைனோடு இணைந்த இந்த வகை இன்வெர்ட்டர் உற்பத்தியை நிறுத்திவிடும். வெயில் இருப்பதால் அது விழித்தே இருக்கும். 0 வாட் என்று பதிவும் எழுதும். சிக்கல் என்னவென்றால், அதே கரண்டில்தான் ரவுட்டரும் ஓடுகிறது. ஆகவே மின்வெட்டும் வைஃபை கோளாறும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரி வெற்றிடம்தான். பிரித்துச் சொல்வது E-Total மட்டுமே: நகரவில்லை என்றால் உற்பத்தியே இல்லை, நகர்ந்திருந்தால் தகவல் மட்டும் தொலைந்திருக்கிறது. இரவில் பதிவு வராவிட்டால் கவலை இல்லை. பேனலிலிருந்து மின்சாரம் வராததால் இன்வெர்ட்டரே தூங்கிவிடும்.

24.3-ஐ இரண்டாக வகுத்து நாளுக்கு 12.15 என்று எழுத அக்கா மகன் ஆசைப்பட்டான். நான் விடவில்லை. எந்த நாளில் எவ்வளவு என்பது நமக்குத் தெரியாது. 'இரண்டு நாளும் சேர்த்து' என்றே இருக்கட்டும். மாதச் சராசரியில் அந்த இரண்டு பூஜ்யத்தைச் சேர்த்தால் 12 யூனிட் 11.2 ஆகச் சரிந்து, பேனலைக் கழுவ ஆள் கூப்பிடத் தோன்றும்.

உங்கள் வீட்டிலும் சோலார் இருந்தால், மாதம் ஒருமுறை E-Total-ஐ ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்.