பந்தியில் சொன்ன சொல்

கடந்த கார்த்திகையில் திருக்கடையூரில் எங்கள் தந்தையாருக்குச் சதாபிஷேகம் நடைபெற்றது. காலசம்ஹார மூர்த்தி எழுந்தருளியிருக்கும் அத்தலத்தில், எண்பது கடந்த தாய் தந்தையரை மாலையும் கழுத்துமாகக் காணக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். கலசாபிஷேகம் முடிந்து, அபிராமி அம்மையைத் தரிசித்து, நாங்கள் பந்தியில் அமரும்போது பகல் ஒரு மணி ஆகியிருந்தது.

ரசம் பரிமாறிக்கொண்டிருந்தார்கள். எதிர் வரிசையில் என் தங்கை அமர்ந்திருந்தாள். அவளிடமிருந்து இரண்டு இலை தள்ளி அவளுடைய சம்பந்தி வீட்டார். அன்று காலை விடுதியில் அப்பாவின் பாஸ்புத்தகத்தை நான் புரட்டிப் பார்த்திருந்தேன்.

"அப்பாவின் பென்ஷனில் பத்து நாளைக்குள் 18,000 ரூபாய் எடுத்திருக்கிறாயே, அது எங்கே போயிற்று?" என்று கேட்டேன்.

"பிறகு பேசலாம் அண்ணா" என்றாள்.

"இதில் பிறகு என்ன? பெற்றவர்களை உன்னோடு வைத்துக்கொண்டிருப்பது எதற்கென்று எனக்குத் தெரியாதா?"

"ஆறு வருஷமாக நீ எங்கே இருந்தாய்?" என்று அவள் கேட்டாள். அதன்பின் இருவர் குரலும் உயர்ந்தன. பரிமாறுகிறவர் ரசவாளியோடு நின்றுவிட்டார். தங்கை தயிர்சாதத்துக்குக் காத்திராமல் இலையை மூடிவிட்டு எழுந்தாள். கூடத்தின் கோடியில் அமர்ந்திருந்த அப்பா, கழுத்திலிருந்த மாலையைத் தாமே கழற்றிப் பக்கத்து நாற்காலியில் வைத்தார்.

அந்தப் பணம் எங்கே போயிற்று என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அம்மாவின் முழங்கால் வலி மிகுந்து, இரவில் துணைக்கு ஓர் அம்மாளை அமர்த்தியிருப்பதையும், அதற்கு ஆகும் செலவையும் புரட்டாசியிலேயே தங்கை தொலைபேசியில் என்னிடம் சொல்லியிருந்தாள். நான் "சரி, சரி" என்று கேட்டுக்கொண்டேன். பிறகு மறந்தேன். மறந்ததை மோசடியாக மாற்றி அவள் மேல் போட்டேன்.

மூன்றாம் நாள் அவளைத் தொலைபேசியில் அழைத்தேன். ஊர் திரும்பிய பேருந்தைப் பற்றியும், மழையைப் பற்றியும், அப்பாவின் இரத்த அழுத்தத்தைப் பற்றியும் பேசினேன். அவள் "ம்" கொட்டினாள். வைத்த பிறகுதான், முன்பு ஓர் உபந்நியாசத்தில் கேட்ட ஓர் இடம் நினைவுக்கு வந்தது. சித்திரகூடத்தில் படையோடு வரும் பரதனைக் கண்டு இலக்குவன் கொதித்துப் பேசுகிறான்; இராமன் அவனைத் தடுத்துச் சொல்கிறான். வால்மீகியின் இலக்குவன் அப்போது வெட்கத்தால் கூனிக் குறுகி, "நம் தந்தையாரே உம்மைக் காண வந்திருக்கிறார் போலும்" என்று பேச்சை மாற்றுகிறான். இராமனும் தம்பியின் நாணத்தைக் கண்டு, அந்தப் பேச்சை ஏற்றுக்கொள்கிறான். எனக்கு அது பொருந்தாது. இலக்குவன் பேசியபோது பரதன் அங்கில்லை. அந்தச் சொல் அவன் காதில் விழவில்லை. என் தங்கை எதிர் இலையில் இருந்தாள்.

ஆகவே கடிதம் எழுத உட்கார்ந்தேன். முதற்கடிதம் நான்கு பக்கம் வந்தது. என் மனைவியிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, "இது மன்னிப்புக் கடிதமா, வக்கீல் நோட்டீஸா?" என்று கேட்டுத் திருப்பித் தந்தாள். எண்ணிப் பார்த்தேன், ஏழு இடங்களில் "ஆனால்" இருந்தது. ஒவ்வொரு "ஆனாலு"க்கு முன்னும் நான் குற்றவாளி, பின்னால் அவள்.

இரண்டாம் கடிதத்தில் "ஆனால்" இல்லை. எனினும் வேறொன்று கண்ணில் பட்டது. "கோபம் வந்துவிட்டது", "வாய் தவறிவிட்டது", "பந்தியில் அப்படி நடந்துவிட்டது" என்று எழுதியிருந்தேன். நம் தமிழில் இது எவ்வளவு வசதி! கோபம் தானே வருகிறது, வாய் தானே தவறுகிறது, நிகழ்ச்சி தானே நடக்கிறது. பேசிய மனிதனை வாக்கியத்தில் தேடினாலும் அகப்படமாட்டான். அவ்வினைகளை எல்லாம் அடித்துவிட்டு, "நான் சொன்னேன்", "நான் சந்தேகப்பட்டேன்" என்று எழுதும்போது பேனா நகர மறுத்தது. "உன் மனம் புண்பட்டிருந்தால்" என்பதையும் அடித்தேன். புண்பட்டது எனக்கு நன்றாகத் தெரியும்; அதில் "இருந்தால்" எதற்கு?

கடைசி வரியில் "மன்னித்துவிடு" என்றிருந்தது. அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல சொல்தான், ஆனாலும் அது ஓர் ஏவல்வினை. தவறு செய்தவன், பாதிக்கப்பட்டவளுக்கு இன்னும் ஒரு வேலை இடுவதாக எனக்குப் பட்டது. அதையும் எடுத்தேன். எஞ்சியது இவ்வளவே:

"சதாபிஷேகத்தன்று பந்தியில், அப்பாவின் பணத்துக்காகவே நீ பெற்றோரை வைத்துக்கொண்டிருப்பதாக எல்லோர் முன்னும் சொன்னேன். அது பொய். இரவுத் துணைக்கான செலவை நீ எனக்கு முன்பே சொல்லியிருந்தாய். கணக்கில் ஐயம் இருந்திருந்தாலும் அதைப் பந்தியில் கேட்டது தவறு. உன் சம்பந்தி முன்னால் உன்னை அவமானப்படுத்தினேன். அதற்காக வருந்துகிறேன். அன்று கேட்டவர்களிடம் நானே உண்மையைச் சொல்கிறேன். இரவுத் துணைக்கான சம்பளத்தை இந்த மாதம் முதல் நான் அனுப்புகிறேன். இதற்கு நீ பதில் எழுத வேண்டியதில்லை."

கேட்டவர்களிடம் சொல்வது எழுதியதைவிடக் கடினமாக இருந்தது. சம்பந்தியை அழைத்தேன். "அதெல்லாம் எங்கள் காதிலேயே விழவில்லை" என்றார் அந்தப் பெரிய மனிதர். அந்தப் பெருந்தன்மையின் நிழலில் ஒதுங்கிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. "விழாமலிருந்தாலும் நான் சொன்னது பொய் என்பதைத் தாங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்" என்றேன். அவர் சற்று நேரம் கழித்து, "நல்லது" என்றார். சித்தப்பாவிடமும், பெரிய அத்தையிடமும் சொன்னேன். அத்தை, "அவளும்தான் பதிலுக்குப் பேசினாள்" என்று எனக்குத் துணை வந்தார். அந்தத் துணை வேண்டாம் என்று சொல்ல நாக்கு வறண்டது. சொல்லிவிட்டேன்.

மார்கழி பாதி ஆனபின் தங்கையே அழைத்தாள். கடிதத்தைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. "அப்பாவிடம் சொன்னாயா?" என்று மட்டும் கேட்டாள்.

சொல்லவில்லை. எல்லோரிடமும் சொன்ன நான், மாலையைக் கழற்றி வைத்தவரிடம் சொல்லவில்லை.

மறுநாள் விடியற்காலை கும்பகோணத்துக்குப் புறப்பட்டேன். அப்பா திண்ணையில் அமர்ந்திருந்தார். கடிதத்தில் எழுதியதை அவரிடம் வாயால் சொன்னேன். உள்ளே பாத்திரச் சத்தம் நின்றிருந்தது; தங்கை கேட்டுக்கொண்டிருந்தாள். அப்பா வெகுநேரம் தெருவைப் பார்த்தார். பிறகு உட்புறம் திரும்பி, "அண்ணன் வந்திருக்கிறான், காப்பி கொடு" என்றார். காப்பி வந்தது. கொண்டுவந்தவள் என் முகத்தைப் பார்க்காமல் டம்ளரை வைத்துவிட்டுப் போனாள். அன்று இரவு அம்மாவுக்குத் துணையாக நான் படுத்தேன். மூன்று முறை எழுப்பினார்.

பொங்கலுக்கு மறுநாள் கனு. உடன்பிறந்தான் நலம் வேண்டி மஞ்சளிலையில் அன்னம் வைக்கும் நாள். ஆண்டுதோறும் காலை ஏழு மணிக்கு, "கனு வைத்தாயிற்று அண்ணா" என்று அவள் அழைப்பது வழக்கம். இவ்வாண்டு ஏழாயிற்று, எட்டாயிற்று. நானும் அழைக்கவில்லை, அது கேட்டு வாங்குவதாகிவிடும்.

பத்தரை மணிக்கு அழைப்பு வந்தது.

"கனு வைத்தேன்" என்றாள். "அண்ணா" வரவில்லை. சற்று நின்று, "சீர்ப்பணத்தை வழக்கம்போல் அனுப்பிவைக்காதே. அடுத்த வாரம் அம்மாவை டாக்டரிடம் அழைத்துப் போக வேண்டும். நேரில் வா" என்றாள்.

செவ்வாய்க்கிழமைக்கு ரயிலில் இடம் பதிவு செய்திருக்கிறேன்.