போலாரம் பாறை மாமா

போலாரம் ஸ்டேஷன்ல ரயில் கிளம்பினதும் ஜன்னல் வழியா பார்த்தேன்.
தண்டவாள ஓரத்து வேப்பமரம் பறக்குது. தூரத்துப் பாறைக்குன்று நகரவே மாட்டேங்குது.

இதையே என் குட்டி கேமுக்குப் பின்னணியா வச்சுடலாம்னு தோணுச்சு.

ராத்திரி உக்காந்து ப்ராம்ப்ட் எழுதினேன்: "போலாரம், வானம், பாறைகள், வேப்பமரம், பாரலாக்ஸ்."
அழகா ஒரே படம் வந்துச்சு. மரத்தை வெட்டி எடுத்தா, பின்னாடி பாறையில மர வடிவத்துல ஓட்டை!

அப்புறம்தான் புத்தி வந்துச்சு. அடுக்குக்கு ஒரு ப்ராம்ப்ட்.
"வேப்பமர வரிசை மட்டும், பக்கவாட்டுப் பார்வை, பின்னால் வெறும் மெஜந்தா நிறம், இடது வலது ஓரத்தில் மரம் வெட்டுப்படக் கூடாது."
(முதல்ல பச்சைப் பின்னணி கேட்டிருந்தேன். அதை நீக்கினப்போ இலையும் கூடவே போயிடுச்சு. மொட்டை வேம்பு.)

அடுத்து பாறை. 2048 பிக்சல் அகலப் படத்தை 1024 நகர்த்தினா ரெண்டு ஓரமும் நடுவுல வந்து சந்திக்கும்.
சந்திச்சுது. நடுவுல பளிச்சுனு ஒரு கோடு.
"மாலை வெயில்"னு கேட்டது என் தப்பு. இடப்பக்கம் ஆரஞ்சு, வலப்பக்கம் நிழல். எப்படி ஒட்டும்?
மேகமூட்ட வெளிச்சம்னு மாத்தி, மிச்சத்தைக் கையால பூசினேன்.

இப்ப ஒட்டுது.
ஆனா ஒரு பாறை, தொப்பி போட்ட மாமா மாதிரியே குந்தியிருக்கு. இந்த அடுக்கு கேமரா வேகத்துல அஞ்சுல ஒரு பங்குதான் நகருது. அதனால 10,240 பிக்சலுக்கு ஒரு தரம் அதே மாமா வந்துடறார்.

மாமாவைத் தூக்கிடவா, இருக்கட்டுமா?