கயிற்றில் ஒரு வளையம்



போன வாரம் என்னிடம் எட்டாம் வகுப்பு படித்த பையன் ஒருவன் வீட்டுக்கு வந்திருந்தான். பையன் என்கிறேன், அவனுக்கே நாற்பது வயதாகிறது. நாகைப் பக்கம் ஃபைபர் படகில் தொழில். "சார், தம்பி கடல்ல விழுந்துட்டான். ஏத்துறதுக்குள்ள எங்க உயிர் போயிடுச்சு" என்றான். விழுந்த கதையைவிட ஏற்றிய கதைதான் அன்றிரவு என்னைத் தூங்கவிடவில்லை.

படகில் மூன்று பேர்: இவன், தம்பி, சித்தப்பா. விடியும் நேரம், வலை இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஓடுகிற கயிற்றின் சுருளுக்குள் தம்பி கால் வைத்துவிட்டான். இழுத்துக்கொண்டு போய்விட்டது. தண்ணீரில் விழுந்ததும் கால் விடுபட்டது அவன் நல்ல நேரம்.

சித்தப்பா முதலில் வெறும் மண்ணெண்ணெய் கேன் ஒன்றை அவன் பக்கம் வீசினார். அடுத்து இவனிடம், "அவன் மேல இருந்து கண்ணை எடுக்காதே, கையை நீட்டிக்கிட்டே நில்லு" என்றார். அலை நடுவே ஒரு தலை தேங்காய் அளவுதான் தெரியும். ஒரு நொடி திரும்பிப் பார்த்தால் தொலைந்துபோகும். பிறகு வலையின் நுனியில் மிதவையைக் கட்டிக் கடலில் விட்டார். வலை தொங்கிக்கொண்டிருக்கப் படகைத் திருப்பினால் இன்ஜின் விசிறியில் சுற்றிக்கொள்ளும். காற்றுக்கு எதிர்முகமாக, மெதுவாகக் கிட்டே வந்து இன்ஜினை நிறுத்தினார். அதுவரை எல்லாம் சரி.

அதன் பிறகுதான் நான் வகுப்பில் நடத்திய ஆர்க்கிமிடிஸ் பாடம் வருகிறது. தண்ணீருக்குள் இருக்கும் ஆளுக்கு எடையே இல்லாத மாதிரி இருக்கும். தலை மட்டும் வெளியே நிற்க ஐந்தாறு கிலோ தாங்கும் மிதவை போதும். மூடி இறுக்கிய பத்து லிட்டர் வெறும் கேன் ஏறக்குறைய பத்து கிலோ தாங்கும். ஆனால் அதே ஆளை மேலே இழுக்க இழுக்க, வெளியே வரும் ஒவ்வொரு சாணுக்கும் எடை கூடும். இடுப்பு வரும்போது கையில் பாதி ஆள் தொங்குவான், நனைந்த துணியும் சேர்த்து. கரும்பலகையில் இதை எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். படகோடு சேர்த்து ஒருநாளும் யோசித்ததில்லை.

இரண்டு பேரும் ஒரே பக்கம் குனிந்து தம்பியின் கைகளைப் பிடித்து இழுத்தார்கள். அந்தப் பக்கமே ஈர வலைக் குவியலும் கிடந்தது. படகு சாய்ந்து, விளிம்புக்கு மேலாகத் தண்ணீர் உள்ளே கொட்டியது. உள்ளே வந்த தண்ணீரும் சாய்ந்த பக்கமே ஓடிச் சேரும். இன்னும் ஒரு இழுப்பு இழுத்திருந்தால் மூன்று பேரும் கடலில்.

சித்தப்பா விட்டுவிடச் சொன்னார். தம்பியின் அக்குளைச் சுற்றி ஒரு கயிறு போட்டுப் படகில் கட்டினார்கள், கை சோர்ந்தாலும் போய்விடாமலிருக்க. வலையை நடுவுக்குத் தள்ளித் தண்ணீரை இறைத்தார்கள். அப்புறம் தடித்த கயிறு ஒன்றை எடுத்து, இரண்டு முனையையும் படகின் குறுக்குப் பலகையில் கட்டி, நடுப்பகுதி தண்ணீருக்குள் இரண்டடி ஆழத்தில் வளையமாகத் தொங்கும்படி விட்டார்கள். தம்பி அதில் காலை ஊன்றினான். சித்தப்பா எதிர்ப்பக்க விளிம்பில் உட்கார்ந்துகொள்ள, இவன் மட்டும் இந்தப் பக்கம். அலை தூக்கும் நேரம் பார்த்து "இப்ப!" என்றதும் தம்பி காலால் எழும்பினான், இவன் அவன் இடுப்புத் துணியைப் பிடித்து உள்ளே உருட்டினான். கை தூக்க முடியாததைக் கால் தூக்கியது. ஆள் மயங்கியிருந்தால் இந்த வளையம் உதவாது. அதற்குக் கிழிந்த வலைத் துண்டின் ஒரு ஓரத்தைப் படகில் கட்டி, மறு ஓரத்தை அவனுக்கு அடியில் விட்டு, பாய் சுருட்டுவது போல உருட்டி ஏற்ற வேண்டும்.

லைஃப் ஜாக்கெட் எங்கே என்று கேட்டேன். அணியத்தில் சாக்குக்குள் இருந்ததாம். புழுக்கம், வலை கொக்கியில் மாட்டும் என்கிறார்கள். அது பொய்யில்லை. ஆனாலும் வலை இறக்கும், ஏற்றும் நேரமாவது போடலாமே. அது மிதக்க மட்டுமல்ல, பிடித்து இழுக்க வாகான தோள்பட்டையும் அதில்தான் இருக்கிறது. தொடை இடுக்கில் வரும் வாரையும் மாட்டியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் இழுக்கும்போது ஜாக்கெட் மட்டும் கழன்று கையோடு வரும், ஆள் கீழே இருப்பான்.

அன்று வானிலை எச்சரிக்கை ஏதும் இல்லை, கடல் அமைதி. "மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தில் சூறைக்காற்று, மீனவர்கள் செல்ல வேண்டாம்" என்று அறிவிக்கிற நாளில் இந்த வளையத்தை நம்பிப் போகாதீர்கள். அந்த அலையில் படகை ஒருவன் பக்கத்தில் நிறுத்துவதே நடக்காது.

மறுநாள் மாலை கரையோரம், கழுத்தளவு தண்ணீரில் மூவரும் மாறி மாறி ஏறிப் பார்த்தார்களாம். வளையம் முதலில் ஆழம் அதிகமாகி, கால் படகுக்கு அடியில் போய்விட்டதாம். ஒரு முழம் குறைத்த பிறகு சித்தப்பாவே ஏறிவிட்டார். அவருக்கு அறுபத்தி இரண்டு வயது. கயிற்றை அந்த அளவிலேயே முடிச்சுப் போட்டுப் பலகையடியில் கட்டி வைத்திருக்கிறார்கள்.