பழைய நேரமா, புது நேரமா?

எங்கள் வாசிப்பு வட்டத்தில் சாத்திரத்தை நம்பாத ஆள் யார் என்று கேட்டால் எல்லோரும் அக்காவைத்தான் காட்டுவோம். மொனராகலைப் பக்கம் இறப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்து, சிவில் இன்ஜினியர் ஆனவர். அளந்து பார்க்காமல் எதையும் ஒப்புக்கொள்ள மாட்டார். அப்படிப்பட்ட அக்கா ஒரு ஞாயிற்றுக்கிழமை முகம் வாடி வந்து, "அந்தாள் சொன்னது மூணும் சரிடி" என்றார். எங்களுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

நடந்தது இதுதான். கல்யாணப் பேச்சு ஒன்று வந்திருந்தது. அம்மாவின் நச்சரிப்பு தாங்காமல் அக்கா டவுனில் ஒரு சாத்திரியாரிடம் போயிருக்கிறார். அவர் பிறந்த திகதி, நேரம், ஊர் மூன்றையும் கம்பியூட்டரில் தட்டினார். 2000 பெப்ரவரி 10, காலை 6.45, மொனராகலை. ஆஸ்பத்திரி அட்டையில் இருந்த நேரம் அது. கும்ப லக்கினம் என்று குறிப்பு வந்தது.

"பன்னெண்டுல சூரியன். மகள், ஒங்க அப்பா வீட்டோட இருக்கிறவர் இல்ல, தூரத்துல பொழைக்கிறவர்" என்றார். சரி. அப்பா இருபது வருசமாகக் கொழும்பில் ஒரு கடையில் வேலை. "லக்கினத்துலயே புதன். கணக்குத்தான் ஒங்களுக்குச் சோறு போடும்." சரி. "அஞ்சாம் எடத்தச் சனி பாக்குது. படிப்பு ஒரு தடவ கைநழுவி ரெண்டாம் தடவதான் கெடச்சிருக்கணும்." அதுவும் சரி. அக்கா இரண்டாம் முறை உயர்தரம் எழுதித்தான் கெம்பஸ் போனவர். கடைசியாக, "ரெண்டுல செவ்வாய். தோசம் இருக்கு" என்று முடித்தார். மாப்பிள்ளை வீட்டாருக்கும் அதே குறிப்புத்தான் போயிருந்தது. அதற்குப் பிறகு அவர்களிடமிருந்து போன் வரவே இல்லை.

நாங்கள் முதலில் வழக்கமான பதில்களைச் சொன்னோம். தோட்டத்துப் பிள்ளையின் அப்பா கொழும்பில் இருப்பது அதிசயமா? உயர்தரம் மூன்று முறை எழுதலாம், முதல் தடவையிலேயே கெம்பஸ் கிடைத்தவர்கள் எங்கள் லயங்களில் எத்தனை பேர்? அம்மா வாசலிலேயே "மக இன்ஜினியரு" என்று சொல்லியிருப்பாங்களே? அக்கா தலையாட்டினார். ஆனாலும் சமாதானமாகவில்லை. "ஒன்னு ரெண்டுன்னா பரவாயில்ல. மூணும் எப்படி?"

அந்த மாதம் நாங்கள் வாசித்தது ஆர்.கே. நாராயணின் சோதிடர் கதை. 1947இல் வந்த தொகுப்பின் தலைப்புக் கதை. சந்தைப் பக்கம் கடைவிரித்திருக்கும் ஒரு சோதிடர், வம்புக்கு வந்த அந்நியனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். உன்னைக் கத்தியால் குத்திக் கிணற்றில் தள்ளிவிட்டார்கள் என்று பிசகாமல் சொல்கிறார். எப்படித் தெரியும்? குத்தித் தள்ளியதே அவர்தான். பலன் சரி, ஆனால் நட்சத்திரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அக்கா அந்தக் கதையைக் கேட்டுவிட்டு, "அப்ப பலன் சரியான்னு பாக்கிறது போதாது. குறிப்பு சரியான்னு பாக்கணும்" என்றார்.

அக்கா வீட்டுக்குப் போய் அம்மாயியிடம் கேட்டார். பிறந்த அன்று ஆஸ்பத்திரி வாசலில் காத்திருந்தவர் அவர்தான். "வெளிச்சம் வந்துருச்சு ஆயி, ஆனா பொழுது இன்னும் கௌம்பல. புள்ள அழுவுற சத்தம் கேட்டுச்சு, பொறகுதான் பொழுது கௌம்புச்சு" என்றார் அம்மாயி.

அங்கேதான் இடித்தது. பெப்ரவரி நடுவில் மொனராகலையில் சூரியன் எழுவது ஏறக்குறைய 6.22க்கு. 6.45க்குப் பிறந்த பிள்ளை எப்படிப் பொழுது கிளம்பும் முன் அழும்?

விடை எங்கள் எல்லோருடைய சின்ன வயதிலும் இருந்தது. இருட்டோடு எழும்பிப் பள்ளிக்கூடம் போன காலம், பெரியவர்கள் எதற்கெடுத்தாலும் "பழைய நேரமா, புது நேரமா?" என்று கேட்ட காலம். 1996இல் மழையில்லாமல் நீர்மின்சாரம் குறைந்தபோது இலங்கையில் மணிக்கூட்டை முன்னே தள்ளினார்கள். மே 25 முதல் ஒரு மணித்தியாலம் கூடுதல். ஒக்டோபர் 26 முதல் அதை அரை மணித்தியாலமாகக் குறைத்தார்கள். அந்த அரை மணித்தியாலம் 2006 ஏப்ரல் 15 வரை நின்றது. அக்கா பிறந்தது அதற்கு நடுவில். ஆஸ்பத்திரி அட்டையில் இருந்த 6.45 புது நேரம். பழைய நேரத்தில் 6.15. அம்மாயி சொன்னது சரி. சாத்திரியாரின் கம்பியூட்டர் எல்லா வருசத்துக்கும் பழைய நேரத்தையே வைத்துக் கணித்திருக்கிறது.

அரை மணித்தியாலத்தில் என்ன வந்துவிடப் போகிறது? லக்கினம் என்பது பிறக்கும்போது கிழக்கில் எழுந்துகொண்டிருக்கும் ராசி. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு ராசி, ஒன்றுக்கு ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம். சூரியன் எழும் நேரத்தில் அது நிற்கிற ராசிதான் லக்கினம். தை மாதம் முழுக்கச் சூரியன் மகரத்தில். அக்கா பிறந்தது தை 27, சூரியன் மகரத்தின் கடைசிக்குப் போய்விட்ட நேரம். பொழுது கிளம்பும் முன் பிறந்தால் மகர லக்கினம். கிளம்பிக் கால் மணித்தியாலம் தாண்டினால் மகரம் முடிந்து கும்பம். அக்காவுக்கு மகரம். கையில் இருந்தது கும்பம்.

ஆக, அந்த மூன்று பலனும் பிழையான குறிப்பிலிருந்து வந்தவை.

அக்கா திருத்திய நேரத்தோடு மறுபடியும் போனார், இந்த முறை நாங்கள் இரண்டு பேரும் கூட. சாத்திரியார் கோபப்படவில்லை, நிதானமாகப் பார்த்தார். "லக்கினத்துல சூரியன், அதச் சனி பாக்குது. அதான் அப்பா பிரிஞ்சி இருக்கார். ரெண்டுல புதன், வித்தைக்கு நல்ல எடம், கணக்கு வரும். லக்கினத்தையும் சனி பாக்கிறதால எல்லாம் பிந்தித்தான் கெடைக்கும்." மூன்றும் மறுபடி சரி! அவர் ஏமாற்றுகிறார் என்று எங்களுக்குத் தோன்றவில்லை. நடந்ததை வைத்துக்கொண்டு காரணம் தேடினால் எந்தக் குறிப்பிலும் ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது, அவ்வளவுதான்.

ஒன்று மட்டும் மாறியது. செவ்வாய் மீனத்தில். கும்பத்திலிருந்து எண்ணினால் இரண்டாம் இடம், மகரத்திலிருந்து எண்ணினால் மூன்று. இவர் லக்கினத்திலிருந்துதான் எண்ணுவார். "தோசமே இல்லியே மகள்" என்றார்.

அம்மாவுக்குத் தலைகால் புரியாத சந்தோசம். புதுக் குறிப்பை உடனே மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பச் சொன்னார். அக்கா அனுப்பவில்லை. "ரெண்டு குறிப்பும் ஒன்னத்தான் சொல்லுதுன்னு கண்ணால பாத்துட்டு, எனக்குத் தோதான ஒரு வரிய மட்டும் எப்படி நம்பச் சொல்றது?" என்று கேட்டார். எங்களில் பாதிப் பேர் அனுப்பியிருக்கலாம் என்றோம். பிழையான தோசத்தோடு ஒருத்தி ஏன் அலைய வேண்டும்? மற்றப் பாதி அக்கா பக்கம். அந்தச் சண்டை இன்னும் முடியவில்லை.

ஆனால் அன்று இரவே நாங்கள் எல்லோரும் வீட்டில் குறிப்புகளைத் தேடி எடுத்துவிட்டோம். அரை மணித்தியாலப் பிழை நாலு பேரில் ஒருவருக்கு லக்கினத்தையே மாற்றிவிடும். 1996 மேயிலிருந்து ஒக்டோபருக்குள் பிறந்தவர்களுக்கு ஒரு மணித்தியாலம் என்பதால் இரண்டு பேரில் ஒருவருக்கு. இந்தப் பத்து வருசத்தில் பிறந்தவர்கள்தான் இப்போது கல்யாண வயதில் நிற்கிறோம். குறிப்பு எழுதும்போது பழைய நேரமா, புது நேரமா என்று கேட்டார்களா என்று வீட்டில் விசாரித்துப் பாருங்கள். எங்கள் வட்டத்தில் ஆறு பேருடைய குறிப்பைப் பார்த்தோம். ஒருவருக்கும் கேட்கவில்லை.