17 பக்கப் பட்டியல்

முதுகலை ஆய்வேட்டின் இரண்டாம் அத்தியாயத்தை முதல் முறை எழுதி முடித்தபோது 17 பக்கம் வந்திருந்தது. வேலைக்குப் போய்க்கொண்டே படித்த படிப்பு. இரவு பத்து மணிக்கு மேல்தான் எழுத நேரம் கிடைக்கும். அந்த 17 பக்கத்தின் மேல் எனக்குக் கொஞ்சம் கர்வம் இருந்தது. வழிகாட்டிப் பேராசிரியை அதைப் பிரிண்ட் எடுத்து வைத்திருந்தார். ஓரத்தில் பென்சில் குறி எதுவும் இல்லை. நல்ல சகுனம் என்று நினைத்துக்கொண்டேன்.

"இந்த மூணாவது பத்தியையும் ஒன்பதாவது பத்தியையும் இடம் மாத்திப் படிச்சுப் பாருங்க. ஏதாவது கெட்டுப்போகுதா?" என்றார்.

படித்துப் பார்த்தேன். எதுவும் கெடவில்லை.

"அப்ப இது அத்தியாயம் இல்ல. எக்செல் ஷீட்டை வாக்கியமா எழுதியிருக்கீங்க. குறி போடுறதுக்கு எனக்கு இடமே கிடைக்கல."

என் தலைப்பு டெஸ்ட் டிரிவன் டெவலப்மெண்ட். டிடிடி என்பார்கள். நிரலை எழுதும் முன்பே அதற்கான சோதனையை எழுதிவிட வேண்டும். சோதனை முதலில் தோற்கும். அது தேறும் அளவுக்கு மட்டும் நிரல் எழுதி, பிறகு அதைச் சீராக்கி, அடுத்த சோதனைக்குப் போக வேண்டும். கென்ட் பெக் பரவலாக்கிய முறை. இதனால் பிழை குறைகிறதா, நேரம் கூடுகிறதா என்று 2000-களின் தொடக்கத்திலிருந்தே ஆய்வாளர்கள் அளந்து வருகிறார்கள். நான் வேலை பார்த்த குழுவில் சோதனை எழுதும் வழக்கமே கிடையாது. டிடிடி பின்பற்றும் ஒரு குழுவையும் எங்களைப் போன்ற ஒரு குழுவையும் ஒப்பிடுவதுதான் என் திட்டம்.

என் 17 பக்கமும் இந்த மாதிரித்தான் இருந்தது: "ஜார்ஜ், வில்லியம்ஸ் (2004) 24 தொழில்முறை நிரலாளர்களை ஆய்வு செய்தனர். டிடிடி குழு 18 சதவீதம் கூடுதலான சோதனைகளில் தேறியது, 16 சதவீதம் கூடுதல் நேரம் எடுத்தது. எர்டோக்மஸ் முதலானோர் (2005) இளநிலை மாணவர்களை ஆய்வு செய்தனர். தரத்தில் வேறுபாடு காணப்படவில்லை. நாகப்பன் முதலானோர் (2008) மைக்ரோசாஃப்ட், ஐபிஎம் நிறுவனங்களின் நான்கு குழுக்களை ஆய்வு செய்தனர்..." இதில் தகவல் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் மூன்று ஆய்வும் பஸ் ஸ்டாண்டில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் முன்பின் தெரியாதவர்கள் மாதிரி நின்றன.

ஏன் அப்படி எழுதினேன் என்பதற்குக் காரணம் ரொம்பச் சாதாரணமானது. குறிப்பு எடுத்ததே அப்படித்தான். ஒரு கட்டுரைக்கு ஒரு பக்கம். எழுத உட்கார்ந்ததும் நோட்டின் வரிசை அத்தியாயத்தின் வரிசையாகிவிட்டது. இன்னொரு காரணமும் உண்டு, அதை ஒத்துக்கொள்ளக் கொஞ்ச நாள் ஆனது. "இவர் இப்படிச் சொன்னார்" என்று எழுதினால் யாரும் என்னை மடக்க முடியாது. "இவர்கள் இரண்டு பேரும் முரண்படுவது இதனால்தான்" என்று எழுதினால் அது என் கூற்று, அதற்கு நான்தான் பொறுப்பு.

அவர் சொன்னபடி ஓர் அட்டவணை போட்டேன். இடப்பக்கம் கீழ்நோக்கி ஆய்வுகள், மேலே குறுக்கே தலைப்புகள். முதலில் எனக்குத் தோன்றிய தலைப்புகள் நான்கு: தரம், உற்பத்தித்திறன், மாணவர்கள், தொழில்முறையாளர்கள். அதை வைத்து மறுபடி எழுதினேன். துணைத்தலைப்பு வந்துவிட்டதால் கருப்பொருள்வாரியாகத் தொகுத்துவிட்டேன் என்று நினைத்தேன். உண்மையில் ஒரு நீளமான பட்டியலை நான்கு சின்னப் பட்டியலாக வெட்டியிருந்தேன், அவ்வளவுதான். 'தரம்' பகுதி இப்படி முடிந்தது: "சில ஆய்வுகள் தரம் கூடியதாகவும், சில வேறுபாடு இல்லை எனவும் கூறுகின்றன." இந்த முறை பென்சில் குறி இருந்தது. அந்த வாக்கியத்தைச் சுற்றி வட்டம், பக்கத்தில் ஒரே சொல்: ஏன்?

அந்த 'ஏன்'தான் எனக்கு உண்மையான வழிகாட்டல். 'தரம்' என்பது கட்டுரைகளைப் போட்டு வைக்கும் பெட்டி. அதைத் திறந்து பார்த்தாலும் கட்டுரைகள்தான் இருக்கும். கருப்பொருள் என்றால் அது ஒரு கேள்வியாக இருக்க வேண்டும். அந்தக் கேள்வியைக் கேட்டால் முரண்படும் ஆய்வுகள் ஏன் முரண்படுகின்றன என்பதற்கு ஏதாவது பதில் வர வேண்டும்.

திரும்பக் கட்டுரைகளுக்குப் போனேன். இந்த முறை முடிவுப் பகுதியை விட்டுவிட்டு, ஆய்வு எப்படி நடந்தது என்கிற பகுதியை மட்டும் படித்தேன். அட்டவணையில் ஒரு புதுத் தலைப்பைச் சேர்த்தேன்: டிடிடியை எதனோடு ஒப்பிட்டார்கள்?

அந்த ஒரு நெடுவரிசையை நிரப்ப இரண்டு வாரம் ஆனது. மொத்த அத்தியாயமும் அதிலிருந்துதான் வந்தது. ஜார்ஜ், வில்லியம்ஸ் ஆய்வில் மறு தரப்பினரிடம் நிரலை முடித்த பிறகு சோதனை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் உருப்படியாக எதுவும் எழுதவில்லை. (எங்கள் குழுவை அறிந்தவன் என்பதால் எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை.) ஆக அங்கே நடந்த போட்டி சோதனை எழுதியவர்களுக்கும் எழுதாதவர்களுக்கும் இடையில். எர்டோக்மஸ் ஆய்வில் இரண்டு தரப்பும் சோதனை எழுதினார்கள். ஒரு தரப்பு முன்னால், மறு தரப்பு பின்னால். அங்கேதான் தரத்தில் வேறுபாடு மறைந்துபோகிறது. முன்னால் எழுதியவர்கள் சராசரியாக அதிகச் சோதனைகள் எழுதினார்கள் என்பது மட்டும் மிஞ்சுகிறது.

2013-இல் ரஃபீக், மிசிச் இருவரும் 27 ஆய்வுகளின் எண்களை ஒன்றாகச் சேர்த்துக் கணக்குப் போட்டிருந்தார்கள். மொத்தத்தில் தரத்தில் சிறிய முன்னேற்றம், உற்பத்தித்திறனில் சொல்லும்படி மாற்றம் இல்லை என்பது அவர்கள் முடிவு. என் முதல் வரைவில் இந்த ஒரு வரியோடு அவர்களை அனுப்பி வைத்திருந்தேன். இப்போது திரும்பப் படித்தால், கல்விச்சூழலில் நடந்த ஆய்வுகளில், இரு தரப்பும் சோதனைக்குச் செலவிட்ட உழைப்பில் பெரிய வித்தியாசம் இருந்த இடத்தில் தர முன்னேற்றமும் பெரிதாக இருக்கிறது என்றும் அவர்களே எழுதியிருக்கிறார்கள். முதல் தடவையும் அந்த வரியைப் படித்திருப்பேன். கேள்வி இல்லாமல் படித்ததால் கண்ணில் தங்கவில்லை.

ஃபுச்சி முதலானோர் 2017-இல் 39 தொழில்முறையாளர்களிடமிருந்து 82 தரவுப் புள்ளிகளை எடுத்து, டிடிடியைத் தனித்தனிக் கூறுகளாகப் பிரித்துப் பார்த்தார்கள். சோதனை முன்னால் வருகிறதா பின்னால் வருகிறதா என்பது பெரிதாகப் பொருட்படவில்லை. வேலையைச் சின்னச் சின்னத் துண்டாக, சீரான வேகத்தில் செய்வதுதான் பலனோடு ஒட்டிப்போனது. எர்டோக்மஸ் ஆய்வுக்குப் பக்கத்தில் இதை வைத்தவுடன் இரண்டும் பேச ஆரம்பித்தன.

மறுபடி எழுதிய பத்தி ஏறக்குறைய இப்படி இருந்தது: "டிடிடியின் தரப் பலனாகப் பதிவானவற்றில் ஒரு பகுதி, சோதனையை முதலில் எழுதியதால் வந்ததல்ல, சோதனை எழுதப்பட்டதாலேயே வந்தது. மறு தரப்பினர் சோதனை எழுதாத இடத்தில் இடைவெளி தெரிகிறது (ஜார்ஜ், வில்லியம்ஸ் 2004). இரு தரப்பும் எழுதிய இடத்தில் அது மறைகிறது (எர்டோக்மஸ் முதலானோர் 2005). 27 ஆய்வுகளின் தொகுப்பிலும், கல்விச்சூழலில் நடந்தவற்றில், சோதனை உழைப்பின் வேறுபாடு பெரிதாக உள்ள இடத்தில் தர வேறுபாடும் பெரிதாகிறது (ரஃபீக், மிசிச் 2013). அப்படியானால் எஞ்சும் பலன் எங்கிருந்து வருகிறது? வேலையைச் சிறு துண்டுகளாகப் பிரிப்பதிலிருந்து என்பது ஒரு பதில் (ஃபுச்சி முதலானோர் 2017)."

பெயர்கள் அடைப்புக்குறிக்குள் போய்விட்டதைக் கவனியுங்கள். முதல் வாக்கியம் யாருடைய பெயரிலும் தொடங்கவில்லை. அதன் பிறகு நான் வழக்கமாக்கிக்கொண்ட சோதனை இது: எல்லாப் பத்திகளின் முதல் வாக்கியத்தையும் மட்டும் தனியாக எடுத்து வரிசையாக ஒட்டிப் படிப்பேன். ஒரு வாதம் போல ஓடினால் சரி. ஆள் பெயர், ஆள் பெயர் என்று வந்தால் பழைய வியாதி திரும்பிவிட்டது.

இந்த முறையில் வேறொரு ஆபத்து இருக்கிறது. பட்டியல் போடும்போது பொய் சொல்ல வாய்ப்பு குறைவு. கதை கோக்கும்போது, கதைக்குப் பொருந்தாத எண்ணை ஓரமாகத் தள்ள ஆசை வரும். எனக்கு அது நாகப்பன் ஆய்வில் வந்தது. வெளியீட்டுக்கு முந்தைய பிழை அடர்த்தி 40 முதல் 90 சதவீதம் வரை குறைந்தது, தொடக்க நேரம் 15 முதல் 35 சதவீதம் கூடியது என்கிறது அது. பெரிய எண்கள். "இதுவும் சோதனை இல்லாத குழுவோடு ஒப்பிட்டது" என்று ஒரே வரியில் அடக்கிவிடப் பார்த்தேன். நான்கு குழுக்களின் ஒப்பீடும் அவ்வளவு எளிமையாக இல்லை. அதோடு, நேரம் கூடியது என்பது மேலாளர்களின் மதிப்பீடு, கடிகாரத்தில் அளந்ததல்ல. ஆகவே அதை என் வாதத்துக்குள் திணிக்காமல், 'தரம்', 'நேரம்' என்று எதை அளந்தார்கள் என்கிற இன்னொரு பகுதிக்குக் கொண்டுபோனேன். ஒரே ஆய்வு இரண்டு மூன்று இடத்தில் வரலாம், ஒவ்வொரு இடத்திலும் அதன் வேறொரு பக்கம் மட்டும். முதல் வரைவில் ஒருவருக்கு ஒரு தடவைதான் இடம் என்று ஏனோ நினைத்திருந்தேன்.

எங்கேயும் ஒட்டாமல் நின்றது முல்லர், ஹாக்னர் இருவரின் 2002 ஆய்வு. வேகமும் கூடவில்லை, நம்பகத்தன்மையும் கூடவில்லை, ஆனால் நிரலைப் புரிந்துகொள்வது மேம்பட்டதாகத் தெரிகிறது என்றார்கள். நான் படித்தவற்றில் புரிதலைப் பற்றிப் பேசியது அது ஒன்றுதான். ஒரே ஆய்வை வைத்து ஒரு கருப்பொருள் அமைக்க முடியாது. "அதுக்குன்னு தனித் தலைப்பு போடாதீங்க, விட்டுடவும் செய்யாதீங்க. ஒட்டலைன்னே எழுதுங்க" என்றார் மேடம். மூன்று வரியில் அப்படியே எழுதினேன்.

அத்தியாயம் 11 பக்கமாகச் சுருங்கியது. அதை முடித்த இரவில்தான் மூன்றாம் அத்தியாயத்தைத் திறந்தேன். என் ஆய்வு வடிவமைப்பு அதில் ஏற்கெனவே எழுதி வைத்திருந்தது: டிடிடி செய்யும் குழு ஒன்று, சோதனையே எழுதாத குழு ஒன்று. எந்த ஒப்பீடு எதையும் பிரித்துக் காட்டாது என்று இப்போதுதான் 11 பக்கம் எழுதியிருந்தேனோ, அதே ஒப்பீடு. பழைய 17 பக்கத்துக்குப் பின்னால் அந்த வடிவமைப்பு எந்த உறுத்தலும் இல்லாமல் உட்கார்ந்திருந்தது. பட்டியல் யாரையும் எதிர்த்துக் கேள்வி கேட்காது, என்னையும் கேட்கவில்லை.

சமர்ப்பிக்க நான்கு மாதம் இருந்தது. மறுநாள் அலுவலகத்திலிருந்து வெளியே வந்து மேடத்துக்குப் போன் செய்தேன். இரண்டு தரப்பையும் சோதனை எழுதச் சொல்லி, துண்டின் அளவை மட்டும் மாற்றிப் பார்க்கலாமா என்று கேட்டேன்.

"ரெண்டு குழுவுக்கும் மறுபடி அனுமதி வாங்கணும், தெரியும்ல?" என்றார்.

"தெரியும் மேடம்."

"சரி, புது மூணாவது அத்தியாயத்தை வெள்ளிக்கிழமை அனுப்புங்க."