25 பேர் கணக்கு, 8 பேர் பாத்திரம்

ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை சூப்பர் மார்க்கெட் திறக்காது. பெரிய ரயில் நிலையத்துக்குள் இருக்கும் கடைகள் மாதிரி ஒண்ணு ரெண்டு தவிர எல்லாம் சனிக்கிழமை ராத்திரியோடு மூடிவிடும். ஞாயிறு விருந்து வைக்கணும்னா முந்தின நாளே எல்லாம் வாங்கியாகணும். குறைந்தாலும் ஓடிப்போய் வாங்க முடியாது, கூடினாலும் அன்றைக்கே திருப்பித் தர முடியாது.

எக்ஸ்சேஞ்ச் செமஸ்டருக்கு டிரெஸ்டன் போயிருந்தப்போ, எங்க ஃப்ளோரில் வாரம் ஒருத்தர் சமைப்பது வழக்கம். எங்க முறை வந்தது. எட்டுப் பேருக்கு சிக்கன் பிரியாணி. நான் அதுவரை மத்தவங்களுக்குன்னு சமைச்சதே இல்ல. அம்மா நோட்டில் இருந்த பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பினாங்க. ரூம்மேட் அதை வச்சு சனிக்கிழமை துருக்கிக் கடையில் வாங்கிட்டு வந்தான்: பாஸ்மதி 3 கிலோ, கோழி 3 கிலோ, வெங்காயம் ஒன்றரைக் கிலோ, தக்காளி ஒரு கிலோ, தயிர் அரைக் கிலோ.

"எட்டுப் பேருக்குடா!"

"லிஸ்ட்ல அப்படித்தான்டா இருந்துச்சு."

போன் போட்டதும் விஷயம் தெரிஞ்சது. அது வீட்டு விசேஷத்துக்கு 25 பேருக்கு எழுதின கணக்கு. அந்த வரி போட்டோவில் விழவே இல்ல.

"சரி, மொத்தத்தையும் போட்டுடலாம்" என்றான் அவன். அதைத் தடுத்தது பாத்திரம்தான். கிச்சனில் இருந்ததிலேயே பெரியது 6 லிட்டர். அரிசி வெந்தால் ஏறக்குறைய மூணு மடங்கு ஆகும். 3 கிலோ அரிசி மட்டுமே வெந்து 10 லிட்டரைத் தாண்டும், அதுக்கு மேல கோழியும் மசாலாவும். ஒரு கிலோ அரிசின்னா எல்லாம் சேர்ந்து ஐந்து லிட்டருக்குள் அடங்கும், கிளற இடமும் இருக்கும்.

அதனால் 8-ஐ 25-ஆல் வகுத்தோம்: 0.32. அரிசியும் கோழியும் தலா 960 கிராம், வெங்காயம் 480, தக்காளி 320, தயிர் 160. சாப்பிடுகிற வயிறு எத்தனையோ, அதுக்கேற்ப இதெல்லாம் குறையும். இதுவரை ஒரே பெருக்கல் போதும்.

தண்ணீரில்தான் சிக்கல். அம்மா கணக்கில் 15 கப் அரிசிக்கு 20 கப் தண்ணீர். 0.32-ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட 5 கப் அரிசிக்கு ஆறரைக் கப்தான் வருது. ஆனா தண்ணீர் ரெண்டு வழியில் செலவாகுது. அரிசி உறிஞ்சுவது அரிசியின் அளவைப் பொறுத்தது. ஆவியாகப் போவது பாத்திரத்தின் வாயகலம், மூடி எவ்வளவு இறுக்கம், எவ்வளவு நேரம் அடுப்பில் இருக்கு என்பதைப் பொறுத்தது. அரிசி மூணில் ஒரு பங்கு ஆகிடுச்சுன்னு வாயகலமும் மூணில் ஒரு பங்கு ஆகிடாது, வேகும் நேரமும் பெருசா குறையாது. அதனால் சின்ன அளவு சமைக்கும்போது ஒரு கப் அரிசிக்கு ஆவியாகிப் போகும் பங்கு அதிகம். எங்க மூடியும் லூஸ். அலுமினியம் ஃபாயில் சுத்தி மூடி, 7 கப் வச்சோம். அரை மணி நேரம் ஊறின அரிசிக்கு அது சரியா வந்தது.

நேரத்தையும் பெருக்கக் கூடாது. கோழி வேகும் நேரம் துண்டின் அளவைப் பொறுத்தது, மொத்த எடையை அல்ல. வெங்காயம் நேர்மாறு. அண்டாவில் குவியலா கிடக்கும்போது முதலில் தன் தண்ணியிலேயே அவியும். அரைக் கிலோ மெலிசா பரவிக் கிடந்தால் சீக்கிரம் சிவக்கும். கடிகாரத்தைப் பார்க்காம நிறத்தைப் பார்க்கணும்.

உப்பைக் கணக்குப்படி முக்கால் பங்கு மட்டும் போட்டு, அரிசி சேர்க்கும் முன் குழம்பை நக்கிப் பார்த்தோம். அந்த நேரத்தில் கொஞ்சம் தூக்கலாத்தான் இருக்கணும், அரிசி வந்து இழுத்துக்கும். தண்ணீர் வற்றினதும் ஒரு பருக்கையை விரலில் நசுக்கினோம். நடுவில் வெள்ளைப் புள்ளி கெட்டியா இருந்தா இன்னும் வேகல, அரைக் கப் வெந்நீர் தெளிச்சு மூடணும். லேசா மட்டும் இருந்தா அடுப்பை அணைச்சுட்டு 15 நிமிஷம் திறக்காம விடணும். எங்களுக்கு ரெண்டாவது. எட்டுத் தட்டும் காலி. கொரியாப் பையன் மட்டும் அடிப்பிடிச்ச பருக்கையையும் சுரண்டிச் சாப்பிட்டான்.

மிச்சம் 2 கிலோ கோழியை வாங்கின ராத்திரியே பிரிச்சு வச்சிருந்தோம். பச்சைக் கோழி ஃப்ரிட்ஜில் ஒண்ணு ரெண்டு நாளுக்கு மேல தாங்காது. அரைக் கிலோ அரைக் கிலோவா பையில் போட்டு, உருண்டையா இல்லாம தட்டையா பரப்பி ஃப்ரீசரில் வச்சோம். தட்டையா இருந்தா சீக்கிரம் உறையும், வேணும்ங்கிறப்போ சீக்கிரம் இளகும், மாணவர் கிச்சனில் நமக்குன்னு கிடைக்கிற ஒரே ஒரு டிராயரில் அடுக்கவும் முடியும். நாலு பை, நாலு வாரச் சமையல். அரிசி செமஸ்டர் முடியும்வரை வந்தது.