'போய்விட்டது' என்னும் வினை

"தவிர்க்க இயலாத சூழ்நிலை காரணமாக" என்ற தொடரை நாம் பள்ளிக்கூட விடுப்பு விண்ணப்பத்தில் கற்றுக்கொள்கிறோம். பணி ஓய்வு பெறும் வரை அது நம்மை விடுவதில்லை. அண்மையில் என் ஆய்வு மாணவர் ஒருவர், தாம் வராமற்போன ஆய்வுக்குழுக் கூட்டத்திற்காக எழுதிய மன்னிப்பு மின்னஞ்சலின் வரைவை என்னிடம் காட்டினார். அதிலும் அத்தொடரே முதலில் நின்றது.

"மதிப்பிற்குரிய ஐயா, தவிர்க்க இயலாத சூழ்நிலை காரணமாக நேற்றைய கூட்டத்தில் கலந்துகொள்ள இயலாமல் போய்விட்டது. இதனால் தங்களுக்கு ஏதேனும் சிரமம் ஏற்பட்டிருப்பின் மன்னிக்கவும். அடுத்த கூட்டத்திற்கு வசதியான நாளைத் தெரிவிக்க வேண்டுகிறேன்."

பிழையற்ற தமிழ்தான். ஆனால் முதல் வாக்கியத்தில் எழுவாயைத் தேடிப்பாருங்கள். 'போய்விட்டது' என்ற அஃறிணை வினைக்குள் 'நான்' ஒளிந்துகொண்டுவிட்டது. மழை பெய்ததுபோல, மின்சாரம் நின்றதுபோல, அவர் வராததும் தானாக நிகழ்ந்த ஒன்றாகிவிட்டது. 'நான் வரவில்லை' என்பதற்கு இரண்டே சொற்கள் போதும். அவை எழுதக் கடினமானவை.

அடுத்தது 'ஏற்பட்டிருப்பின்'. கடிதம் பெறுபவர் எழுபதை நெருங்கும் வெளியூர்ப் பேராசிரியர், குழுவின் வல்லுநர் உறுப்பினர். மூன்று மணி நேரம் பேருந்தில் வந்து, 11 மணிக் கூட்டத்திற்காக ஒன்றரை மணி வரை என் அறையில் காத்திருந்தார். அழைக்கும்போதெல்லாம் மாணவரின் கைப்பேசி அணைந்திருந்தது. மாணவரின் அத்தியாயத்தில் பென்சிலால் குறிப்புகள் எழுதிக் கொண்டுவந்திருந்தவர், போகும்போது அதைத் தம் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டார். இதற்குப் பின்னும் சிரமம் 'ஏற்பட்டிருப்பின்' என்றால், அவர் பட்ட பாட்டையே ஐயத்திற்குரியதாக்குவதாகும்.

உண்மைக் காரணம் எளியது. கூட்ட நாளை அடுத்த வாரத்து வியாழன் என்று தவறாகக் குறித்துக்கொண்டு, கைப்பேசியை அணைத்துவிட்டு நூலகத்தில் இருந்திருக்கிறார். "அம்மாவுக்கு உடல்நலமில்லை என்று எழுதலாமா, ஐயா?" என்று கேட்டார். அடுத்த முறை பார்க்கும்போது அவர் அம்மாவின் நலம் விசாரிப்பார், அப்போது என்ன சொல்வீர்கள் என்றேன். சிரித்துவிட்டார். காரணத்தை ஒரே வாக்கியத்தில் சொன்னால் விளக்கம். மூன்று வாக்கியத்தில் சொன்னால் அது வழக்காடுதல் என்றும் சொன்னேன்.

2016இல் ராய் லெவிக்கியும் அவருடைய சக ஆய்வாளர்களும் மன்னிப்பின் கூறுகளை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கேட்பவரிடம் பெரிதும் எடுபட்டது பொறுப்பை ஏற்றல். அடுத்தது ஈடுசெய்ய முன்வருதல். கடைசியில் வந்தது 'மன்னியுங்கள்' என்ற வேண்டுகோள். வியப்பில்லை. 'மன்னிக்கவும்' என்பது பேருந்தில் காலை மிதித்தாலும் சொல்வது. அதோடு காயப்பட்டவர் தலையிலேயே ஒரு வேலையைச் சுமத்துகிறது. மாணவரின் வரைவில் இருந்ததும் அந்த ஒன்று மட்டும்தான். அடுத்த நாளைத் தெரிவிக்கச் சொன்னது இரண்டாவது சுமை.

தொலைபேசியில் பேசிவிடலாமே என்றும் ஒரு யோசனை வந்தது. நான் தடுத்தேன். குரலைக் கேட்டதும் அவர் நாகரிகம் கருதிப் 'பரவாயில்லை' என்று சொல்லியாக வேண்டும். கோபம் உள்ளேயே தங்கிவிடும். மின்னஞ்சலுக்கு உடனே பதில் சொல்லவேண்டிய கட்டாயமில்லை. கோபமாக இருக்கும் உரிமையை அது அவருக்கு விட்டுவைக்கிறது. ஆனால் அன்றே போயாக வேண்டும். ஒவ்வொரு நாள் தாமதமும் இரண்டாவது முறை வராமலிருப்பதற்குச் சமம்.

இரண்டு மணி நேரத்திற்குப் பின் அவர் அனுப்பியது இது. பொருள் வரியில் முன்பு 'வணக்கம்' என்றிருந்ததை 'நேற்றைய கூட்டத்திற்கு நான் வராதது குறித்து' என மாற்றியிருந்தார்.

"ஐயா, நேற்றைய கூட்டத்திற்கு நான் வரவில்லை, வரமாட்டேன் என்று தெரிவிக்கவும் இல்லை. நாளைத் தவறாகக் குறித்துக்கொண்டது என் கவனக்குறைவு. தாங்கள் இவ்வளவு தொலைவு வந்து காத்திருந்து, என் அத்தியாயத்தைப் படித்தும் வந்ததை நெறியாளர் சொன்னார். அந்த நாளை என்னால் திருப்பித் தர இயலாது. வருந்துகிறேன். இனித் தாங்கள் பயணம் செய்ய வேண்டாம். தாங்கள் எந்த நாள் சொன்னாலும் நானே தங்கள் ஊருக்கு வருகிறேன். இதற்கு உடனே மறுமொழி எழுத வேண்டியதில்லை."

குழுவின் மற்றோர் உறுப்பினருக்கும் இதன் படியை அனுப்பலாமா என்றார். வேண்டாம், அவருக்குத் தனியே எழுதுங்கள் என்றேன். எல்லார் முன்னிலையிலும் கேட்கப்படும் மன்னிப்பு, மறுக்க முடியாத நெருக்கடியில் பெரியவரைத் தள்ளிவிடும்.

நான்கு நாள் பதில் இல்லை. நினைவூட்டலாமா என்று மாணவர் இருமுறை வந்து நின்றார். ஐந்தாம் நாள் ஒரு வரி வந்தது: "ஞாயிறு காலை வாருங்கள், இரண்டாம் இயலில் சான்றுகள் போதா." போய்வந்தார். பேராசிரியர் கூட்டத்தைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லையாம். பென்சில் குறிப்புகளைக் கொடுத்தார், காப்பியும் கொடுத்தார். ஆனால் முன்பு 'தம்பி' என்று அழைத்தவர், அன்று முழுவதும் 'நீங்கள்' என்றே பேசியிருக்கிறார்.